ரம்ஜான் பீவி காலி செய்த பை

பேகம்பூரில் ரம்ஜான் பீவியின் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால், வாசல் செருப்புகூட வரிசையில் நிற்கும். அப்படி ஒரு சுத்தக்காரி. கணவர் ஹாமித்துக்கும் அதில் ஏகப்பெருமை. தோல் வியாபாரம் செய்பவர். சட்டையில் மடிப்புக் கலைந்தால் கடைக்குப் போகமாட்டார். சம்பந்தி முகமது பாரூக் முன்னால் கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்ததே இல்லை. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் கௌரவம் என்றால் உயிர். அந்தக் கௌரவமே ஒருநாள் ஹாமித்தின் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது.

கொடைரோடு பக்கம் அவர் வண்டி கவிழ்ந்து, விலா உடைந்து, பல நாள் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். சுவாசக் குழாயை எடுத்தபிறகும் காய்ச்சல் விடவில்லை. நெஞ்சுச் சளியைச் சோதித்தால் அசினடோபாக்டர் என்றொரு கிருமி. டாக்டர் சுகன்யா பீவியை உட்காரவைத்துச் சொன்னார்.

"மெரோபெனம்னு ஒரு பெரிய மருந்து போட்டோம்மா, கேக்கல. இனி கையில இருக்கிறது கோலிஸ்டின். அதை மட்டும் தனியா போட்டா கிருமி பழகிக்கும், அதனால மினோசைக்ளினும் சேர்த்துப் போடுறோம். ஆனா கோலிஸ்டின் கிட்னியைக் கெடுக்கும். தினமும் பாத்துக்கிட்டே இருப்போம்."

தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். பார்த்துக்கொள்வது என்றால் அதுதான் என்று பீவி நினைத்துக்கொண்டார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஹாமித்துக்கு அந்தப் பையைக் கண்டாலே முகம் சுருங்கிவிடும். பார்வையாளர் நேரம் நெருங்கினால் கண்ணாலேயே அதைக் காட்டுவார். பீவி கதவைச் சாத்திவிட்டு, பையின் அடித் திருகைத் திறந்து, கழிவறையில் ஊற்றிவிட்டு, பையைத் துடைத்துத் தொங்கவிடுவார். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். பிறகு அளக்க வரும் நர்ஸ் ரீனாவுக்குப் பையின் அடியில் கொஞ்சம்தான் கிடைக்கும். அவர் அதைத்தான் எழுதினார், வேறு என்ன செய்வார்.

ஒருநாள் மதியம் டாக்டர் முகம் இறுகி வந்தார்.

"கிட்னி கெட்டா ரத்தத்துல கிரியாட்டினின் ஏறும். ஒண்ணுக்குக் கீழ இருந்தது, ஒண்ணு புள்ளி நாலு ஆயிருச்சு. அதை மட்டும்னா சமாளிப்பேன். யூரினும் ரொம்பக் கொறஞ்சு போச்சு. இப்படியே விட்டா டயாலிசிஸ்ல கொண்டுபோய் விட்டுரும். கோலிஸ்டினை நிறுத்தலாம்னு பாக்குறேன்."

"நிறுத்துனா?"

"மினோசைக்ளின் மட்டும் தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியலம்மா."

பீவிக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. யூரின் கொறஞ்சு போச்சா? நேற்று மாலைகூடப் பை நிறையத்தான் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே ஹாமித்தின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லாதே என்பதுபோல் தலை மெல்ல அசைந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தத் தலையசைப்பை அவர் மீறியதில்லை. அந்த நிமிடம் கணவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"கொறயல டாக்டர். நாந்தான் ஊத்திட்டேன். காலையும் சாயங்காலமும் பையைக் காலி பண்ணது நாந்தான்."

பக்கத்தில் நின்ற ரீனாவின் முகம் வெளுத்தது. ஹாமித் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்லாதது எங்க தப்பு. அடுத்த டோஸ் ராத்திரிதான்," என்றார் டாக்டர். "இப்ப பையைக் காலி பண்ணிட்டு, மணிக்கு மணி அளங்க சிஸ்டர். மணிக்கு முப்பது மில்லிக்குக் கொறயாம வந்தா, கிட்னிக்குத் தக்கபடி டோஸை மாத்தித் தொடரலாம். சாயங்காலம் இன்னொரு ரத்தமும் பாத்துருவோம். வலி ஊசியும் கிட்னிக்கு ஆகாத ரகம், அதை மாத்துறேன்."

பீவி கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுளித்துக் கொட்டிய அதே தண்ணீர் குழாயில் இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தார். சில நேரம் வேகமாக இறங்கியது, சில நேரம் நின்றேபோனது. நின்றபோதெல்லாம் அவர் துஆ ஓதினார். ஹாமித் திரும்பவே இல்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். சம்பந்தி பாரூக் மனைவியோடு, ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்து நின்றார். பீவி எழுந்து சலாம் சொன்னார். கை பழக்கத்தில் போர்வையை இழுத்துச் சிறுநீர்ப் பையை மறைக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லோர் கண்ணுக்கும் அது தெரிந்தது. சம்பந்தியம்மா நாகரிகமாக ஜன்னலைப் பார்த்தார்.

ரீனா அளவுக் குவளையோடு வந்து குனிந்தார். அப்போதுதான் ஹாமித் சுவரைவிட்டுத் திரும்பினார். முகமூடியைத் தூக்கிக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டார்.

"எம்புட்டு சிஸ்டர்?"

"மதியத்துல இருந்து முந்நூத்தி அறுபது மில்லி அத்தா. நல்லா வருது. ரத்தத்துலயும் ஏறல, அதே ஒண்ணு புள்ளி நாலுலயே நிக்குது. ராத்திரி டோஸைப் போடச் சொல்லிட்டாங்க டாக்டர்."

பாரூக் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "என்னது சம்பந்தி முந்நூத்தி அறுபது?"

"நான் பேஞ்ச மூத்திரம் சம்பந்தி," என்றார் ஹாமித்.