பத்தொன்பதாயிரம் எங்கே போகிறது

என் தங்கை மகளுக்கு அமைந்த நல்ல வரனை நான் கணக்குப் போட்டே கெடுக்கப் பார்த்தேன். இன்று அவர்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் தயாரிப்பதிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பாகூர் பக்கத்தில் யாருக்காவது நிலுவை, படி, பிடித்தம் என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தங்கையின் கணவர் இறந்துவிட்டதால் அவள் மகளின் கல்யாணப் பேச்சில் தாய்மாமன் நான்தான் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

பையன் கரியமாணிக்கத்துக்காரன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஜாதகத்தோடு வந்த தாளில் ஆண்டு வருமானம் பதினைந்து லட்சம் என்று போட்டிருந்தது. ஒரு முறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தரகரிடம் பையனுடைய வங்கிப் புத்தகத்தின் நகல் மட்டும் கேட்டு வாங்கினேன். அதில் கடைசி மாதச் சம்பளமாக எண்பத்தொன்பதாயிரத்து நூற்றேழு ரூபாய் வரவு இருந்தது.

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினைந்து லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றே கால் லட்சம். அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டு வருங்கால வைப்பு நிதிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. புதிய முறைப்படி வருமான வரி மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். அரையாண்டுத் தொழில்வரி அந்த மாதம் பிடித்திருந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது. எல்லாம் போக ஒரு லட்சத்து எட்டாயிரம் கைக்கு வர வேண்டும். பத்தொன்பதாயிரம் குறைந்தது.

என் அனுபவத்தில் சம்பளத்தில் இப்படித் துண்டு விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கடன். கூட்டுறவுச் சங்கக் கடன், பண்டிகை முன்பணம், இல்லையென்றால் கோர்ட் பிடித்தம். என் மேசையைக் கடந்துபோன பட்டியல்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. பையனுக்குக் கடன் இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் வில்லியனூரில் தங்கை வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் பழம், பூ எல்லாம் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் நான் ஆரம்பித்தேன்.

"தம்பி, பதினஞ்சு லட்சம்னு எழுதிருக்கீங்க. கைக்கு எவ்ளோ வருது?"

"தொண்ணூறு வரும் மாமா. சில மாசம் ஆயிரம் ரெண்டாயிரம் கொறையும்."

"கணக்கு அப்டி வரலியே. மாசம் பத்தொம்பதாயிரம் எங்க போவுது?"

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை; வழக்கமான கேள்வி என்று நினைத்த சிரிப்பு. "அது சிடிசி மாமா. கம்பெனி எனக்காகப் பண்ற மொத்த செலவு. எல்லாமே சம்பளமா கைக்கு வராது." போனை எடுத்து ஏதோ காட்ட வந்தான்.

"போன்ல காட்றதெல்லாம் எனக்கு வாணாம். நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேந்தே சம்பள பில்லு போட்டவன் நான், முப்பது வருசம். கடன் இருந்தா கடன் இருக்குதுன்னு சொல்லிடறது தானே?"

பையனுடைய அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "இன்னாண்ணே பேசறீங்க? எம்புள்ள ஒரு டீக்கடையில கூட கணக்கு வச்சது கெடயாது. கட்டிக் குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லுங்க. கடங்காரன்னு பேர் வைக்காதீங்க."

தட்டில் கை வைக்காமலேயே போய்விட்டார்கள். தங்கை என்னைத் திரும்பிப் பார்க்காமல் பழங்களை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்தது. ஆனாலும் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் தங்கை மகள் ஸ்கூட்டியில் பாகூருக்கே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. கையில் பையனிடம் கேட்டு வாங்கி நகல் எடுத்த இரண்டு தாள்கள். ஒன்று அந்த மாதச் சம்பளச் சீட்டு. மற்றொன்று வேலை உத்தரவோடு வந்த சம்பளப் பிரிப்பு விவரம்.

"மாமா, ஒரு தபா பாருங்க. பாத்துட்டு வாணாம்னா நானும் வாணாம்னு சொல்லிடறேன். பாக்காம சொல்லாதீங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பதினைந்து லட்சத்தில் ஒன்றரை லட்சம் ஊக்கத்தொகை. அது வருடம் முடிந்து, வேலையைப் பார்த்துத் தருவது. மாதச் சம்பளத்தில் வராது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் போடும் எழுபத்திரண்டாயிரமும் அதே பதினைந்து லட்சத்துக்குள்ளேயே இருந்தது. பணிக்கொடைக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூற்று அறுபது. ஐந்து வருடம் இருந்தால்தான் அது கிடைக்கும். மருத்துவக் காப்பீடு பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது. எல்லாம் கழித்தால் பன்னிரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம். மாதம் ஒரு லட்சத்து மூவாயிரம்.

அடிப்படைச் சம்பளம் ஐம்பதாயிரம். அவன் பங்கு வைப்பு நிதி அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, ஆறாயிரம். ஊக்கத்தொகையையும் வருமானத்தில் சேர்த்து வருமான வரி மாதம் ஆறாயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று. தொழில்வரி ஆயிரத்து இருநூற்றைம்பது. கழித்தேன். எண்பத்தொன்பதாயிரத்து நூற்றேழு. ஒரு ரூபாய் பிசகவில்லை.

எங்கள் காலத்தில் சேமநல நிதிக்கு எங்கள் பணம்தான் பிடிப்பார்கள். சர்க்கார் தன் பங்கு என்று எதுவும் போடாது. பணிக்கொடை ஓய்வு பெறும்போது வரும். அதைச் சம்பளம் என்று யாரும் சொன்னதில்லை. சம்பளம் என்றால் சம்பளம். அதனால்தான் ஏமாந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தப் பதினைந்து லட்சத்தைப் படித்த நிமிஷத்திலேயே, முப்பதைத் தாண்டாத பையனுக்கு இவ்வளவா என்று எனக்குள் ஒன்று உறுத்தியது. குறை கண்டுபிடிக்கத்தான் தாளை எடுத்தேன். குறை கிடைத்ததும் சந்தோஷப்பட்டேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. "வண்டிய எடு, கரியமாணிக்கம் போவலாம்" என்றேன்.

"நானுமா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் அங்க வரக் கூடாது மாமா."

"தெருமுனையில நில்லு. நான் மட்டும் போறேன்."

வாசலில் பையனுடைய அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை. நான் நின்றபடியே, "கணக்குல தப்பு என்னோடது. தம்பிக்குக் கடன் இல்ல. நான் சொன்னது தப்பு" என்றேன். மூன்று வாக்கியம் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் முறத்தைப் புடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத தனியா வந்து சொன்னா எப்டிண்ணே? கேட்டது நாலு பேரு முன்னால தானே?"

நியாயம்தான். நிச்சயதார்த்தத்தில் சொல்கிறேன் என்றேன். "அப்பறம் அந்தப் பொண்ண ஏன் வெய்யில்ல நிக்க வச்சிருக்கீங்க, உள்ள வரச் சொல்லுங்க" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

நிச்சயதார்த்தத்தில் யாரோ ஒரு பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். "மாப்ளைக்கு எவ்ளோப்பா சம்பளம்?"

பையன் என்னைப் பார்த்தான். "அத மாமாதான் கரெக்ட்டா சொல்வாரு."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். பதினைந்து லட்சம் என்று சொல்லவில்லை. "கைக்குத் தொண்ணூறாயிரத்து முந்நூத்தம்பத்தேழு. தொழில்வரி புடிக்கற ரெண்டு மாசம் மட்டும் ஆயிரத்து இருநூத்தம்பது கொறையும். கடன் ஒரு பைசா கெடயாது. கடன் இருக்குதுன்னு அன்னிக்கி நான் சொன்னது தப்பு" என்றேன்.

பையனுடைய அம்மா தட்டை எடுத்து என் தங்கை கையில் கொடுத்தார்.