நோவாத பக்கம்

ஒருவன் நோகிறது என்கிறான். எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டில் எதை நம்புவது?

செல்லமுத்துவின் வாழ்வில் ஒரு வருடம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. அவன் அதை இந்த வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். மலைமேல் அரியூர் நாட்டில் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவன் அவன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, ஒரு தொடையால் மரத்தை அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சரம் பறிப்பான். வேலையில் சுத்தம் என்று பேர். அதற்கு மேல் அவனைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல அவன் இடமும் கொடுத்ததில்லை.

முதலில் நொந்தது வலது முட்டி. இருபத்தொன்பது வயதில் முட்டி நோவதா என்று அவனே வெட்கப்பட்டு, எண்ணெய் தேய்த்துப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரியில் முட்டியைப் படம் எடுத்தார்கள். நன்றாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தின்றவரைக்கும் கேட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அருள்மொழி முட்டியைத் தொடவில்லை. அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை மடக்கி, பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பினார். தொடை இடுக்கில் சுரீரென்றது. செல்லமுத்து பல்லைக் கடித்தான்.

"நோவு முட்டியில தெரியுது. கோளாறு இடுப்பு மூட்டுல இருக்குன்னு நெனைக்கிறேன்," என்றார்.

இடுப்பு மூட்டையும் படம் எடுத்தார்கள். அருள்மொழி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். செல்லமுத்துவின் மனைவி கலைமணியின் அண்ணன் சின்னக்கண்ணு கூட வந்திருந்தான். இருவரையும் வைத்துக்கொண்டுதான் அவர் சொன்னார்: "இதுல ஒண்ணும் தெரியல. அதனால ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்ல. கீழ போய் எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் மரம் ஏறாதீங்க."

சின்னக்கண்ணு கெட்டவனல்ல. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறவனும் அல்ல. பஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவரிடம், "படத்துல ஒண்ணும் இல்லையாமுங்க," என்றான். தெரியவில்லை என்பது இல்லை என்று ஆக அவ்வளவு தூரம்தான் வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே அது தெரிந்துவிட்டது.

மிளகு பழுத்துக்கொண்டிருந்த சமயம். செல்லமுத்துவும் சின்னக்கண்ணுவும் ஒருவர் மிளகுக்காட்டுக்கு ஒருவர் ஆளாக ஏறுவது வழக்கம். செல்லமுத்துவின் காட்டைச் சின்னக்கண்ணு பறித்து முடித்திருந்தான். இப்போது சின்னக்கண்ணுவின் காடு பறிக்காமல் நின்றது.

"மாப்பிள, எலும்பு கல்லாட்டம் இருக்குதுன்னு படமே சொல்லுது. உனக்கு நோவறது இடுப்பில்ல, எங் காட்டுல ஏறறது," என்றான் சின்னக்கண்ணு. களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லமுத்துவும் சிரித்தான். மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் ஏறியது அறியாமையால் என்று சொல்ல முடியாது. படத்தில் தெரியாததால் ஒன்றும் இல்லை என்றாகாது, மரம் ஏறாதே என்று டாக்டர் சொன்ன இரண்டும் அவன் காதில் விழுந்திருந்தன. ஆனால் நோவுக்குச் சாட்சி அவன் ஒருவன்தான், சந்தேகப்படுகிறவர்கள் பலர். தனி ஆளாக ஒன்றை நம்பிக்கொண்டிருப்பது எவருக்கும் களைப்புத் தருவது. சில நேரம், மரத்தின் மேல் இருக்கும்போது, நோவு உண்மைதானா என்று அவனுக்கே ஐயம் வந்தது. இறங்கியதும் தெளிந்துவிடும்.

சின்னக்கண்ணுவின் காடு முடிந்தபோது அவன் விந்தி நடந்தான். தரையில் சம்மணம் போட முடியவில்லை. கலைமணி யாரையும் கேட்கவில்லை. "ஏனுங்க, நாளைக்கு மொதல் பஸ்ஸுக்குக் கீழ போறோம்," என்றாள். ஊசிவளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவன் இடது பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரும்பு, வெள்ளி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தை அவிழ்த்துக் கலைமணியிடம் கொடுத்தான். படுக்க வைக்கும்போது, நோவு வலப்பக்கம்தானுங்க என்று நினைவூட்டினான். இரண்டு இடுப்பையும் சேர்த்துத்தான் எடுப்போம் என்றார் அங்கிருந்தவர். பிறகு குழாய்க்குள் தகரத்தைத் தட்டுவது போன்ற சத்தம். அசையாமல் கிடப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை.

எலும்பு டாக்டர் இளங்கோ படத்தைக் கணினியில் திறந்து, இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். சின்னக்கண்ணுவும் வந்திருந்தான், வரச் சொல்லாமலே வந்திருந்தான். வலது தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குள் ஒரு கருங்கோடு வளைந்து, ஒரு பகுதியைத் தீவுபோல் சுற்றியிருந்தது. அதன் உட்புறம் ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. அந்தத் தீவுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்றார். செத்த எலும்பிலும் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். எக்ஸ்ரே சுண்ணாம்பைத்தான் பார்க்கும்; அதனால் தொடக்கத்தில் அதில் எதுவும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பல பேருக்கு எலும்பு உடையத் தொடங்கியிருக்கும். எம்ஆர்ஐ உள்ளே இருக்கும் மஜ்ஜையைப் பார்ப்பதால் முன்கூட்டியே காட்டிவிடும்.

"உருண்டை இன்னும் அமுங்கல. அமுங்கியிருந்தா மூட்டையே மாத்த வேண்டியிருக்கும்."

சின்னக்கண்ணு தலை குனிந்துகொண்டான்.

எதனால் வந்தது என்று கேட்டார்கள். குடி பெரிதாக இல்லை. ரத்தத்திலும் பிறவிக் கோளாறு இல்லை. கலைமணிக்குத்தான் ஞாபகம் வந்தது: கல்யாணத்துக்கு முன்னால் பெண் கொடுக்க வருகிறவர்கள் ஒல்லி என்று இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்று, உடம்பு தேற அடிவாரத்துக் கடையில் வாங்கிச் சின்ன வெள்ளை மாத்திரையை மாதக்கணக்கில் தின்றிருக்கிறான். கல்யாணப் போட்டோவில் அவன் முகம் வட்டமாக இருக்கும். ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார் இளங்கோ. அந்த வட்ட முகத்தைத்தான் தன் வீட்டார் சரியென்றார்கள் என்பதைக் கலைமணி அங்கே சொல்லவில்லை.

வைத்தியம் இதுதான்: தொடையின் பக்கவாட்டிலிருந்து எலும்பின் தலைவரை மெல்லிய துளை போட்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் குறையும், புது ரத்தம் வர வழி கிடைக்கும். தேறும் என்ற உறுதி இல்லை, வாய்ப்பு உண்டு. சில வாரங்கள் அந்தக் காலை ஊன்றக் கூடாது. இனி மரம் ஏறுவதை நினைக்க வேண்டாம். செல்லமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பிறகு இளங்கோ படத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். இடது தலையிலும் அதே கோடு, சிறிதாக.

"இங்க நோவே இல்லீங்களே," என்றான் செல்லமுத்து.

"தெரியும். சிலருக்கு இது கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு வலது மாதிரி வளரும். சின்னதா இருக்கறதால, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டே இருக்கலாம். இல்ல, இதோட சேர்த்து அதுக்கும் துளை போட்டுடலாம். நானா இருந்தா காத்திருப்பேன். முடிவு உங்களுது."

வெளியே வராந்தாவில் மூவரும் நின்றார்கள். கலைமணி காத்திருக்கலாம் என்றாள். ரோட்டிலிருந்து ஊட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு கால் இருந்தால் கக்கத்துக் கட்டையை ஊன்றி வரலாம். இரண்டையும் ஊன்றக் கூடாதென்றால் தூக்கித்தான் வரவேண்டும். நியாயமான பேச்சு. சின்னக்கண்ணுவும் அதையே சொன்னான்.

"மாப்பிள, அன்னைக்கி நான் பேசுனது தப்பு. அதுக்காவ இப்ப பேசாம இருக்க முடியாது. நோவாத காலுல யாராச்சும் துளை போடுவாங்களா? நல்லா நடக்குதில்ல, உடு."

செல்லமுத்து இடது காலை ஊன்றி நின்றிருந்தான். அது நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலை நம்பித்தான் ஒரு வருடமாக நடந்திருக்கிறான். அதைக் குனிந்து பார்த்தான். இந்த முறை படத்தில் தெரிகிறது, நோவுதான் இல்லை. அப்புறம் உள்ளே போனான்.

"ரெண்டுக்கும் போட்டுருங்க," என்றான்.

ஏன் என்று இளங்கோ கேட்டார். கலைமணி அன்றும், பிறகு பலமுறையும் கேட்டாள். சின்னக்கண்ணு, தன் முதுகில் அவனை ரோட்டிலிருந்து மேலே சுமந்துபோன வழியெல்லாம் கேட்டான். அவன் சொல்லவில்லை.