மூணுக்குப் பத்து நிமிடம்

மாமனார் இறந்த அன்று, உடலை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பமாகப் போட்டோ எடுத்தோம். கைக்குழந்தையோடு நிற்க எனக்குப் பயம். கணவர் சொன்னதால் நின்றேன். அன்று முதல் குழந்தைக்கு ஜுரம்.

ஐந்தாம் நாள், பக்கத்து ஊரான பெருநகரின் ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது. மாமியார் அதில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"கோடு கோடா கீது. நீதான படிச்சவ, மணி இன்னா?"

"மூணுக்குப் பத்து நிமிஷம், அத்தே."

"பன்னெண்டுக்கெல்லாம் எரிச்சிட்டு வந்துட்டாங்களேடி! அப்புறம் எப்படி ஒக்காந்துக்கினு கீறாரு? அவர்தான் புள்ளய வுட மாட்டேங்கறாரு. பூசாரிய கூப்புடு."

சரியாகப் படித்தேனா என்று முட்களை விட்டுவிட்டு ரோமன் எண்களைப் பார்த்தேன். மூன்று இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் பதினொன்று இருந்தது. ஒன்பதின் இடத்தில் மூன்று கோடுகள். என் முந்தானையும் வலது தோளில் கிடந்தது. நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்.

படத்தை நிலைக்கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். பதினொன்றின் XI, ஒன்பதின் IX ஆக மாறியது. மணி காலை ஒன்பது பத்து என்று மாமியாருக்குக் காட்டினேன்.

"அப்ப டாக்டராண்டயே தூக்கிக்கினு போ," என்றார் மாமியார், அரை மனதாக.

நான் உடனே நகரவில்லை. கண்ணாடிக்குள் எல்லாம் நேராகிவிட்டிருந்தது. ஆனால் படத்தில் என் இடுப்பிலிருந்த குழந்தை அப்போதும் நாற்காலியைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது, யாரோ கொஞ்சுவதைப் போல. அதை மாமியாரிடம் சொல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக உத்திரமேரூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.