எரியக்கூடாத விளக்கு

மரக்காணத்தில் உப்பு கழுவும் ஆலையில் தனக்கோடி பதினோரு வருடமாக எலக்ட்ரீஷியன். பொறுமை முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது.

2005 பங்குனியில் ஒரு காலை, தொட்டி காலியாகக் கிடக்க, அது நிரம்பிவிட்டதென்று, ஆலையை இயக்கும் பிஎல்சி கணினி கன்வேயரை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. தொட்டியின் சென்சாரில் விளக்கு எரியவில்லை. பேனலில், சென்சாரின் சிக்னல் வந்தால் எரியவேண்டிய இன்புட் விளக்கு மட்டும் எரிந்தது.

“சென்சாரை மாத்துப்பா,” என்றார் சூப்பர்வைசர் ஜெயசீலன்.

“ரெண்டு மாத்தியாச்சு சார். இன்னும் எத்தினி மாத்தறது?”

“அப்ப பிஎல்சியில இருக்கிற இன்புட் கார்டு போயிருக்கும்.”

தனக்கோடி பேனலில் அந்த இன்புட்டின் ஒயரைக் கழற்றினான். விளக்கு அணைந்தது.

“கார்டு நல்லாத்தான் இருக்குது. வெளியதான் எங்கியோ கோளாறு.”

ஒயரை மறுபடி மாட்டிவிட்டு, தொட்டிமேல் ஏறி சென்சாரின் பிளக்கை உருவினான்.

“இன்னும் எரியுதுப்பா!” என்று பேனலிலிருந்து கத்தினார் ஜெயசீலன்.

அப்படியானால் சென்சாரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது, ஒயர்களை இணைக்கும் மூடி உடைந்த ஜங்ஷன் பெட்டி ஒன்றுதான். அதன்மேல் ஒரு பழைய உப்புச் சாக்கு கட்டியிருந்தது. அவிழ்த்தால் சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே இருபத்துநாலு வோல்ட் முனைக்கும் சென்சார் முனைக்கும் இடையே ஈர உப்பு பாலம் கட்டியிருந்தது. கரண்ட் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது.

“காத்துல இருக்கிற தண்ணியெல்லாம் இழுக்கிற உப்புச் சாக்கைப் போயி எந்த மடையன் இதுல கட்டினான்?” என்று கத்தினான் தனக்கோடி.

கீழே உப்பு வாரிக்கொண்டிருந்த பாப்பாத்தி நிமிர்ந்தாள்.

“நீதாண்ணா. ஐப்பசி மழையில கட்டின. நான் அரிசிச் சாக்கு தரேன்னேன். உப்புச் சாக்கே போதும்னு சொல்லிட்ட.”