அழிக்கப்பட்ட மூன்று அம்புக்குறிகள்

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழை விட்டிருந்தது, புழுக்கம் விடவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த துணைப்பாட நிலையத்தின் வாசலில் பேத்திக்காகக் காத்திருந்தேன். அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். கையில் உயிரணுச் சுவாசப் பாடத்துக்கு அவள் வரைந்த கான்செப்ட் மேப்.

எட்டு வாரப் பாடம் ஒரே தாளில். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கட்டம், இது எப்படி அதற்கு இட்டுச் செல்கிறது என்று அம்புக்குறியின் மேல் இரண்டொரு சொல். நான் எண்ணினேன்: நாற்பத்தோரு அம்புகள். அவற்றில் மூன்றின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி.

"ஏம்மா இது தப்பு?"

"தெரியல தாத்தா. சாரோட ஷீட்ல இல்லயாம்."

அந்த நிலையத்தின் வழக்கம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கட்டங்கள் மட்டும் அச்சிட்ட தாளை எல்லாருக்கும் கொடுப்பார்கள், அம்புகளைப் பிள்ளைகள் போட வேண்டும். திருத்தும்போது மாதிரி வரைபடம் அச்சிட்ட கண்ணாடித்தாளை மேலே வைப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத கோடு தவறு. யாரும் படித்துப் பார்ப்பதில்லை. இதற்கு மாதம் இருநூற்று நாற்பது வெள்ளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. பதினொரு நாளில் அவளுக்குப் பள்ளித் தேர்வு. மறுபடி தோற்றால் உயிரியலை எச்2 என்ற முழுப்பாட நிலையிலிருந்து பாதிப்பாடமான எச்1க்கு இறக்கிவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இறக்கினால் அவள் ஆசைப்படும் மருந்தியல் படிப்புக்கு மனுப் போடவே முடியாது. வீட்டுக்கு வந்தவள் அந்த மூன்று அம்புகளையும் அழித்துவிட்டு, நிலையத்தின் மாதிரியைப் படம்போல மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாள். தெரிந்ததைக் கூலி கொடுத்து மறக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் மாடியேறினேன். ஆசிரியருக்கு முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளைதான்.

"அங்கிள், அறுபது பேர் ஸ்கிரிப்ட். ஒவ்வொண்ணா படிச்சா விடிஞ்சிடும் லா."

"அப்ப படிக்காமலே தப்புன்னு போட்டுடுவீங்களா, தம்பி?"

"மேல இருந்து கீழ ஒரே ஃபுளோவா இருந்தாதான் பசங்களுக்கு ஞாபகம் நிக்கும். அம்பு திரும்பி மேல போனா கன்பியூஸ் ஆயிடுவாங்க."

என்னோடு வந்து பக்கத்தில் நின்றிருந்த பேத்தி கேட்டாள்: "சார், கிரெப்ஸ் சைக்கிள்ல ஆக்ஸிஜன் எங்கயும் வரல. அப்புறம் ஆக்ஸிஜன் இல்லன்னா அது ஏன் நிக்குது?"

"ஈஸி மா. என்ஏடிங்கற சுமைதூக்கி மூலக்கூறு ஹைட்ரஜனை எடுத்துக்கிட்டு கடைசியில இருக்கற எலக்ட்ரான் சங்கிலிக்குப் போகுது. அங்க இறக்கி வச்சாதான் காலியா திரும்பி வரும். ஆக்ஸிஜன் இல்லன்னா சங்கிலி நின்னுடும், இறக்க முடியாது. காலி என்ஏடி இல்லாம கிரெப்ஸ் எப்படி ஓடும்? அதுக்கு முன்னாடி இருக்கற லிங்க் ரியாக்‌ஷனும் நின்னுடும்."

"முதல் படி கிளைக்காலிசிஸ் மட்டும் ஓடுதே சார்."

"அதுக்கு வேற வழி இருக்கு. தசையில அதுலருந்து வர்ற பைருவேட் லாக்டேட்டா மாறும்போது என்ஏடி திரும்பக் கிடைச்சிடும்."

சொல்லும்போதே அவருடைய விரல் சுவரில் ஒட்டியிருந்த மாதிரி வரைபடத்தின் அடியிலிருந்து மேலே போய்விட்டது.

"அந்தத் திரும்பி வர்ற அம்பு இதுல எங்க சார்? சங்கிலியிலருந்து கிளைக்காலிசிஸுக்கு ஒண்ணு, லிங்க் ரியாக்‌ஷனுக்கு ஒண்ணு, கிரெப்ஸுக்கு ஒண்ணு. நான் போட்ட மூணும் அதுதான்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "ஷீட் பிரிண்ட் ஆயிடுச்சு மா. தெம்பனிஸ் கிளையிலயும் ஜூரோங் கிளையிலயும் இதேதான். இப்ப மாத்த முடியாது," என்றார்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவருக்குத் தெரிந்தே இருந்தது. அச்சடித்துவிட்டதால் மட்டும், புரிந்துகொண்ட பிள்ளைக்குச் சிவப்பும் ஒப்பித்த பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும். அன்றே அவளை நிறுத்திவிட்டேன். முன்கூட்டியே கட்டிய தவணைப் பணம் திருப்பித் தரப்படாது என்று முன்மேசைப் பெண் இரண்டு முறை சொன்னாள்.

பேத்தி சாப்பாட்டு மேசையில் மாஜோங் ஆட்ட மேசைக்கு விரிக்கும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, மாதிரியைப் பார்க்காமல் புதிதாக வரைந்தாள். ஒவ்வோர் அம்புக்கும் ஏன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனாள். சொல்ல முடியாத ஐந்து இடங்களில் நிறுத்தி, பாடநூலைத் திறந்து பார்த்தாள். அந்த ஐந்தும் நிலையத்தில் அவள் முழு மதிப்பெண் வாங்கிய இடங்கள்.

தேர்வில் தேறினாள். எச்2விலேயே இருக்கிறாள். அந்த நிலையமோ பணத்தையும் தரவில்லை, ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. மீதி இரண்டு மாதக் கட்டணம் நானூற்று எண்பது வெள்ளி, மாஜோங் தாள் ஒரு வெள்ளி இருபது காசு. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு நானூற்று எண்பத்தொரு வெள்ளி இருபது காசு.