சிங்கப்பூருக்கு எழுதிய காரணம்

என் தம்பிக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்பது அவனைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் டாக்டர் விஷயத்தைச் சொல்வார். வெளியே வந்ததும் நாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, பழைய புண்ணு ஆறல" என்போம். மதுரை ஆஸ்பத்திரியில் நான் சொன்னதும் அதே வசனம்தான். "சொல்லிராதீக மதினி, அவுக உடைஞ்சு போயிருவாக" என்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

தம்பி சிங்கப்பூரில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். அங்கேதான் மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே கட்டி வந்து, ஒரு கிளினிக்கில் ரேடியேஷன் கொடுத்துக் குணமாக்கினார்கள். அப்புறம் ஊருக்கு வந்து, சித்தையன்கோட்டைப் பக்கம் தோட்டத்து மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அதே இடத்தில் மறுபடியும் கட்டி.

மதுரை டாக்டருக்கு மிச்சமிருந்த ஒரே வழி இரண்டாவது ரேடியேஷன். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அங்க மொத்தம் எவ்வளவு டோஸ் குடுத்தாங்க, எத்தனை தடவையாப் பிரிச்சாங்க, முதுகுத்தண்டும் மூளைத்தண்டும் எவ்வளவு வாங்கியிருக்கு, இது தெரியாம நான் கை வைக்க மாட்டேன். குத்துமதிப்பாக் குடுத்தா கை கால் விழுந்துரும். அந்த கிளினிக்குக்கு எழுதி ரெக்கார்டை வாங்குங்க."

எழுதுவது எனக்குப் புதிதா? திண்டுக்கல்லில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாரம்மா நான். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள். அத்தை மகள் கல்யாணமானாலும் சரி, மாடு கன்று போட்டாலும் சரி, எங்கள் லீவ் லெட்டரில் காரணம் எப்போதும் காய்ச்சல்தான். யாரும் திருத்தியதில்லை, நானும் திருத்தியதில்லை. காரணம் என்ற இடத்தில் மென்மையாக ஏதாவது போட்டால் போதும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது.

சிங்கப்பூர் கிளினிக்குக்கும் அப்படியே எழுதினேன். 'வழக்கமான பரிசோதனைக்காக, சிகிச்சைச் சுருக்கம் தேவை.' நோயாளியின் கையெழுத்து இல்லாமல் அவர்கள் எதையும் தரமாட்டார்கள் என்பதால் தம்பியிடம் நீட்டினேன். படித்தவன் சிரித்துவிட்டான்.

"எக்கா, பொறந்த நாளத் தப்பாப் போட்டிருக்கியே."

"ஏலே, உன்னத் தூக்கிச் சுமந்தவ நானு. எனக்குத் தெரியாதா?"

"நீ ஞானஸ்நான நோட்டுல உள்ளதப் போட்டிருக்க. பள்ளிக்கூடத்துல சேக்கயில அப்பா வேற தேதியில்ல குடுத்தாரு? பாஸ்போர்ட்டுல அதான இருக்கு. இந்த பாஸ்போர்ட்டு நம்பரும் ஆகாது. இது புதுப்பிச்சது. அங்க இருந்தப்ப உள்ள பழைய நம்பரையும், வொர்க் பெர்மிட்டு நம்பரையும் போடு. அவன் கம்ப்யூட்டர்ல அதுதான் இருக்கும்."

எல்லாவற்றையும் அவனே திருத்தினான். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து நகலும் எடுத்து வந்தான். என் முகத்தைப் பார்த்து, "வாத்தியாரம்மாவுக்கே மார்க் போட்டேன் பாரு" என்று கேலி வேறு. காரணத்தை மட்டும் அவன் திருத்தவில்லை. அதில்தான் பொய் இருந்தது.

விவரங்கள் பொருந்தியதால் பதில் சீக்கிரமே வந்தது. ஒரே பக்கம். இன்ன நோய், ரேடியேஷன் முடிந்தது, தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ளவும். வழக்கமான பரிசோதனைக்கு அது போதும்தானே. கேட்டதற்குத் தக்கபடி கொடுத்திருந்தார்கள்.

மதுரை டாக்டர் அதைப் பார்த்துப் பொறுமை இழந்தார். "பரிசோதனைக்குன்னு ஏம்மா எழுதினீங்க? நோய் அதே இடத்துல திரும்பியிருக்கு, மறுபடி ரேடியேஷன் திட்டமிடணும், அதுக்கு முழு டோஸ் விவரமும், எந்த இடத்துல எவ்வளவு பாஞ்சதுங்கிற பிளானும் வேணும்னு எழுதுங்க. பிளான் கோப்பை சிடியில கேளுங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

கிளினிக்குக்கு மெயில் போட்டுக் கேட்டேன். பிளான் கோப்பு வேண்டுமென்றால் காரணத்தைத் தெளிவாக எழுதிப் புதிதாகக் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும், பழைய கையெழுத்தோடு ஒப்பிடுவோம், நோயாளியிடமே போனில் உறுதி செய்துகொள்வோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இங்கே ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மறைப்பதை, கடல் தாண்டி ஒரு ஆபீஸ் அவனிடமே கேட்குமாம். கோபம் தணிந்தபோது தோன்றியது: அது அவன் உடம்பு. அவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்கள்?

தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவே இல்லை. "நீங்களே கையெழுத்தப் போட்டுருங்க மதினி. போனு வந்தா எங்க அண்ணன் பேசட்டும்." அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. "டோஸு தெரியாம டாக்டரு தொட மாட்டாரு. தொடாட்டி அவன் போயிருவான்" என்றேன். அவள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கடிதத்தை அவன் முன்னால் வைத்தேன். வாயைத் திறந்து சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்பு போலவே பிறந்த தேதியையும் எண்களையும் முதலில் சரிபார்த்தான். பிறகு காரணத்துக்கு வந்தான். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"எப்பருந்து, எக்கா?"

"மதுரையில சதை எடுத்துப் பாத்தாகள்ல, அப்பருந்து அப்பு."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நான் சோறு வைக்கப் போனேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. அவன் காதும் மந்தமாகியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். பெயர், பிறந்த தேதி, பழைய எண், எந்த ஆண்டு சிகிச்சை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பரீட்சைப் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். கடைசியாக, ரெக்கார்ட் எதற்கு என்று கேட்டாள். அவன் தன் மனைவியைப் பார்த்தான். அந்த ஊரில் பழகிய இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னான்.

"கேன்சர் கம் பேக், மேடம்."

அதுவரை இரும்புக் கதவு போலத் தாங்கிக்கொண்டிருந்த அவன் மனைவி அங்கேயே, அவன் காலடியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். மன்னிக்கவும் ஐயா, இன்றே ஏற்பாடு செய்கிறேன் என்றாள் போனில் இருந்த பெண். சொன்னபடியே செய்தாள். டோஸ் விவரம் கடவுச்சொல் போட்டு மெயிலில் வந்தது, பிளான் சிடி கூரியரில் வந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு வெகுநேரம் பார்த்தார். இந்த முறை தம்பியை உள்ளே உட்கார வைத்து, அவனிடமே சொன்னார். மூளைத்தண்டு தாங்கக்கூடியதை முதல் தடவையே வாங்கிவிட்டது, இனி அந்த இடத்தில் ரேடியேஷன் கொடுக்க வழியில்லை, மருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். அத்தனை எழுதியதும் இந்த 'இல்லை' என்ற பதிலுக்குத்தான். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "விடுக்கா, கை காலாவது விழாம இருக்கு" என்று அவன்தான் என்னைத் தேற்றினான்.

நத்தம் மாம்பழம் சந்தைக்கு வந்து தீரும்வரை உயிரோடு இருந்தான். மோட்டார் கடையை யாருக்கு விடுவது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று புருஷனும் பொண்டாட்டியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் நடுவே அவளுக்கு அழுகை வரும். எழுந்து ஓடாமல் அங்கேயே அழுவாள். அவன் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிடுவான். இப்போதும் அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுகிறாள். நான் துடைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.