தேதி இல்லாத வேலை

எங்கள் தூத்துக்குடி அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்கு மேனேஜர் வேண்டும் என்று விளம்பரம் போட்டோம். ஒரே ஒரு இடம்தான். வந்து குவிந்த விண்ணப்பங்களைப் பார்த்தால் துறைமுகத்துக்கே ஆள் எடுப்பது போல இருந்தது. பி.டி.எஃப், வேர்ட், வாட்ஸ்அப்பில் சாய்வாக எடுத்து அனுப்பிய போட்டோ, ஸ்கேன் செய்யும்போது ஓரம் வெட்டுப்பட்ட பக்கம் என்று எல்லா ரகமும் வந்தன. ஒருவர் அவசரத்தில் கல்யாணத்துக்கு வைத்திருந்த பயோடேட்டாவை அனுப்பிவிட்டார். அதில் ராசியும் நட்சத்திரமும் இருந்தன, வேலை அனுபவம் இல்லை.

முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கப்பல் சரக்கு ஏஜென்சியை அவர் அப்பா காலத்திலிருந்து நடத்துகிறவர்.

"இதையெல்லாம் ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தா என் கண்ணு போயிரும்மா. ஒரே அட்டவணையாக் குடு. எதுலயாவது கட்டம் காலியாக் கெடந்தா அந்த ஆளைத் தூக்கிரு."

அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாம் என் தலையில்தான். ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எழுத்தை எடுக்கும். போட்டோவாக இருந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும். அந்த எழுத்தை ஏ.ஐ. மாடலுக்கு அனுப்பி, பெயர், போன், படிப்பு, ஒவ்வொரு வேலையும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம் என்று நான் வகுத்த வடிவத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்த ஜேசன் கோப்பாகத் திரும்பப் பெறும்.

முதல் ஓட்டத்தில் தலைசுற்றியது. 'S/o' என்று அப்பா பெயர் போட்டிருந்தவர்களுக்கு அப்பாவே வேலைக்கு விண்ணப்பித்தது போல வந்தது. 04/06 என்பது ஏப்ரலா ஜூனா என்று தெரியவில்லை. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியவர்களுக்கு இடது வரியும் வலது வரியும் பின்னிக்கொண்டு, ஒருத்தர் படித்த கல்லூரியிலேயே கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பார்த்ததாக ஆகிவிட்டது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன்.

சரி செய்யக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. இல்லாததை மாடல் தானாக நிரப்பியது. மின்னஞ்சல் எழுதாத ஒருவருக்கு அவர் பெயரை வைத்தே ஒரு முகவரியை உண்டாக்கிக் கொடுத்தது. நாங்கள் அனுப்பிய மெயில் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. கடைசி வேலை முடிந்த தேதி எழுதாதவர்களுக்கெல்லாம் 'இன்று வரை' என்று போட்டுவிட்டது.

அதனால் விதியை மாற்றினேன். விண்ணப்பத்தில் எழுதவில்லை என்றால் வெற்று, கம்ப்யூட்டர் மொழியில் 'null', என்று மட்டுமே வர வேண்டும். எழுதியிருந்தால், எந்த வரியிலிருந்து எடுத்ததோ அந்த வரியை அப்படியே பக்கத்தில் தர வேண்டும். அந்த வரி உண்மையிலேயே கோப்பில் இருக்கிறதா என்று புரோகிராம் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் அந்தத் தகவலையும் வெற்றாக்கி, நான் கண்ணால் பார்க்க வேண்டியவற்றோடு சேர்க்கும். அந்தப் பக்கத்துக் கட்டத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்தேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்துத் தேடவில்லை. பல வருஷமாக என் காதிலேயே கிடந்த வார்த்தை அது.

இதற்கு முன்னால் நான் இதே ஊரில் வேறொரு ஏஜென்சியில் வேலை பார்த்தேன். துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருவர் அங்கே எனக்கு மேனேஜர். கன்டெய்னர் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் பெட்டி துறைமுகக் கேட்டிலேயே நின்றுவிடும் என்பதால், எண்ணைச் சரிபார்க்க எக்செல்லில் நான் ஒரு வழி செய்து வைத்தேன். அதைத் தானே செய்ததாக அவர் முதலாளியிடம் காட்டினார். அதைக்கூட விட்டேன். அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் என்று லீவு கேட்டபோது, "போறதுன்னா ஒரேயடியாப் போ" என்றார். திரும்பி வந்தால் என் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். அனுபவச் சான்றிதழ் கேட்டுப் போனேன். மதியம் வரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் கேட்டார்:

"இங்கன நீ வேல பாத்ததுக்கு என்ன ஆதாரம்?"

அதன் பிறகு போன இடமெல்லாம் அந்தச் சான்றிதழைத்தான் கேட்டார்கள். ஆன்லைன் படிவங்கள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. சும்மா இருந்த அந்த நாட்களில் அவருக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

வந்து குவிந்தவற்றில் அந்த மேனேஜருடைய விண்ணப்பமும் இருந்தது.

திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மூலக் கோப்பையே திறந்தேன். பிறகு ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். தலைப்பிலேயே பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். கடைசி வேலை, அதாவது என் பழைய ஏஜென்சி, தொடங்கிய தேதி இருந்தது. முடிந்த தேதி இல்லை. முதல் ஓட்டத்தில் அவருக்கும் 'இன்று வரை' என்றுதான் வந்திருந்தது. புது விதியில் அது வெற்றானது. இன்னொன்றும் இருந்தது. 'கன்டெய்னர் எண் சரிபார்ப்பு முறையை வடிவமைத்து உருவாக்கியவர்' என்று ஒரு வரி, பக்கத்தில் வருஷத்தோடு.

நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. காலிக் கட்டம் உள்ளவர்களைத் தூக்கு என்பது முதலாளியின் உத்தரவு. பேசாமல் இருந்தால் அவர் தானாக விழுந்துவிடுவார், யாரும் என்னைக் கேட்க முடியாது.

ஆனால் அப்படி விழுந்தால், தான் விழுந்ததே அவருக்குத் தெரியாது. எனக்கு அது போதவில்லை. அவர் என் எதிரே உட்கார வேண்டும்.

அண்ணாச்சியிடம் போனேன். "காலியா இருக்குன்னு தூக்கினா நல்ல ஆளுங்களும் போயிருவாங்க அண்ணாச்சி. காயல்பட்டினத்துல இருந்து ஒரு அம்மா போட்டிருக்காங்க. நடுவுல நாலஞ்சு வருஷம் ஒண்ணுமே எழுதல. மத்ததெல்லாம் நமக்குத் தேவையான அனுபவம். எழுதலன்னா இல்லைன்னு அர்த்தமா? போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன்."

"சரி, கேளு. அதுக்கு ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு? தெரிஞ்ச ஆளு யாரும் இருக்கானா?"

மறைக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இன்டர்வியூல நீயும் என் கூட உக்காரு. ஆனா ஒண்ணு, அவன் எழுதாதது எதையும் நீ சேக்கப்புடாது."

"அவரு எழுதினதே போதும் அண்ணாச்சி."

காயல்பட்டினத்து அம்மாவுக்கு முதலில் போன் போட்டேன். "பிள்ளையள வளக்கணும்னு வீட்ல இருந்தேன்மா. அத எப்படி எழுதன்னு தெரியல, விட்டுட்டேன்" என்றார். அப்படியே பதிந்து, ஆதாரக் கட்டத்தில் 'போனில் சொன்னது' என்று குறித்தேன்.

அடுத்தது அவர். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"சார், கடைசி வேலை முடிஞ்ச தேதி போடலையே?"

"அது... கரன்ட்னு போட்டுக்குங்க மேடம்."

"இப்பவும் அங்கதான் இருக்கீங்களா?"

அவர் பக்கம் ஒரு லாரி ஹார்ன் கேட்டது. "இல்ல மேடம். போன வருஷம் வந்துட்டேன். ரிலீவிங் லெட்டர் தர மாட்டேங்காங்க. இழுத்தடிக்காங்க. எங்க போனாலும் அதத்தான் கேக்காங்க."

எனக்குள் ஏதோ துள்ளியது. "ரொம்ப கஷ்டம் சார்" என்றேன். குரலை மிருதுவாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். எந்த மாதம் என்று கேட்டுப் பதிந்தேன். 'போனில் சொன்னது.'

அனுபவத்தைக் கூட்டும் வேலையை நான் மாடலிடம் விடவில்லை. தேதிகளை வைத்து புரோகிராமே கூட்டியது. இரண்டு வேலை ஒரே காலத்தில் வந்தால் ஒருமுறைதான் எண்ணும். அவர் துபாய் வேலையும் ஏஜென்சி வேலையும் சில வருஷம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பதினைந்து என்றது ஒன்பதுக்கு வந்து நின்றது. எங்களுக்குக் குறைந்தது பத்து வருஷம் வேண்டும்.

"பரவால்ல, கூப்புடு" என்றார் அண்ணாச்சி. "ஒரு வருஷம் முன்னப் பின்னன்னு நான் ஆளை விட மாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கதவைத் திறந்து உள்ளே வந்தவர், என்னைப் பார்த்ததும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க சார்" என்றேன். வாசல் பெஞ்சில் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை. அதில் மட்டும் எனக்கு ஒரு வீம்பு.

அண்ணாச்சி வழக்கமான கேள்விகளை முடித்துவிட்டு என் பக்கம் கை காட்டினார். மடிக்கணினியை வந்தவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இந்தச் சரிபார்ப்பு முறை நீங்க செஞ்சதா சார்?"

"ஆமா... நம்ம டீம்ல."

"டீம்னு போடலையே. 'உருவாக்கியவர்'னு இருக்கு, வருஷமும் போட்டிருக்கீங்க. இது உங்க வரிதானே? அதே பக்கத்துல கீழ பாருங்க. அந்த வருஷம் முழுக்க நீங்க துபாய்ல இருந்ததா எழுதியிருக்கீங்க."

ஆதாரக் கட்டங்களில் பச்சை நிறத்தில் இரண்டு வரிகளும் திரையில் நின்றன. இரண்டும் அவர் கையால் எழுதியவை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன இருந்துட்டே ஆன்லைன்ல செஞ்சு குடுத்தேன்" என்றார்.

"துபாய்ல சம்பளம் வாங்கிட்டு தூத்துக்குடிக்கு வேல பாத்தீரோ?" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான் சொன்னேன், "அதச் செஞ்சது நான் அண்ணாச்சி. சாருக்கும் தெரியும்."

அவர் மறுக்காமல் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். மறுத்திருந்தால் இன்னும் பேச எனக்கு நிறைய இருந்தது.

கீழே லாரிகள் நிற்கும் இடம் வரை நானும் போனேன். மரியாதைக்காக இல்லை, போகும் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பைக் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார், "அந்த வரிய எடுத்துட்டு வேற ஃபைல் அனுப்பட்டுமாம்மா? பழச அழிச்சிருங்களேன்."

"அனுப்புங்க சார். புதுசையும் ஓட்டிப் பாக்கேன். ஆனா பழசு அப்படியேதான் இருக்கும்."

வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மனசு இளகும் என்று எதிர்பார்த்தேன், இளகவில்லை. இளகாதது பற்றி இன்றுவரை வருத்தமும் இல்லை.

சொன்னபடி அன்று சாயங்காலமே புதுக் கோப்பை அனுப்பினார். அதையும் மற்றவர்களுக்கு ஓட்டியது போலவே ஓட்டினேன். இந்தத் தடவை ஒரு கட்டம்கூட வெற்றாக வரவில்லை, எந்தத் தேதியும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. அவர் வாழ்க்கையிலேயே ஒழுங்காக எழுதிய காகிதம் அதுவாகத்தான் இருக்கும். தேர்வாகவில்லை என்று அவருக்கு நானே மெயில் எழுதினேன். அனுபவம் போதவில்லை, முதல் விண்ணப்பத்தில் தேதிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன என்று காரணத்தையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் இரண்டு முறை படித்து ரசித்தேன்.

காயல்பட்டினத்து அம்மாதான் வேலையில் சேர்ந்தார். முதல் வாரத்திலேயே நான் தயாரித்த பேக்கிங் லிஸ்டில் எடை தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் என்னை ஒரு பிடி பிடித்தார். எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்னுடையதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டு திருத்தினேன்.